வெட்டிய பால் பாக்கெட்: அப்படியே வைப்பதா, காய்ச்சி வைப்பதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குக் காலையில் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று வரும். பாதி காபிக்குப் போய்விடும், மீதி சாயங்காலம் வரை தாங்க வேண்டும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லாத நாளில்தான் இது சிக்கல்.

பலரும் செய்வது, வெட்டிய மூலையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, டம்ளரில் நிறுத்திக் கதவுத் தட்டில் வைப்பது. கரண்ட் ஒழுங்காக இருந்தால் ஒருநாளைக்குக் குறையில்லை. ஆனால் ஃபிரிட்ஜிலேயே சூடு அதிகமான இடம் கதவுதான். மெல்லிய உறைக்குள் இருக்கும் கால் லிட்டர் பால் சீக்கிரம் வெதுவெதுப்பாகும். பல கை பட்டு, டிரேயில் புரண்டு வந்த உறையின் அழுக்கும் வெட்டிய வாய் வழியே பாலில் சேரும்.

பச்சைப் பாலை மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் மாற்றி நடுத்தட்டில் வைப்பது இதைவிடப் பரவாயில்லை. உறை அழுக்கு மேலும் சேராது, கதவுச் சூடும் இல்லை. மற்றபடி அதே பால்தான்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: வெட்டியதுமே முழுப் பாலையும் பொங்கக் காய்ச்சிவிடுவது. பேக்டீரியாவில் பெரும்பாலானவை அதிலேயே செத்துவிடும். கொதியையும் தாங்கி எஞ்சும் ஸ்போர்கள், அதாவது பேக்டீரியாவின் விதை போன்ற உறங்குநிலை, முளைத்துப் பெருக நேரம் பிடிக்கும். ஆனால் ஆற வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேடையிலேயே இரண்டு மணி நேரம் விட்டால் அந்த ஸ்போர்களுக்கு விருந்து. சுடச்சுட உள்ளே வைத்தால் ஃபிரிட்ஜே சூடாகிவிடும். மீதிப் பாலைச் சொம்போடு தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துக் கிளறி, தண்ணீரை ஒருமுறை மாற்றினால் அரை மணிக்குள் ஆறிவிடும்.

ஷட்டவுன் நாளில் நான் செய்வது இது. முந்தின இரவே முக்கால் பாட்டில் தண்ணீரை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். காலை 7 மணிக்குக் காய்ச்சி, 8 மணிக்குள் ஆறிய பால் நடுத்தட்டுக்குப் போகும். 9 அடிப்பதற்குள் உறைந்த பாட்டில் அதை ஒட்டினாற்போல் வந்துவிடும். அப்புறம் கதவைத் திறப்பதில்லை. மூடிய ஃபிரிட்ஜ் குளிரைக் காப்பது சுமார் 4 மணி நேரம்தான். ஐந்தாவது மணியை அந்த ஐஸ் பாட்டில் பார்த்துக்கொள்ளும். 2 மணிக்குக் கரண்ட் வந்ததும் பாலை மறுபடி பொங்கவைத்து, காபிக்கு எடுத்ததுபோக மிச்சத்தை ஆற்றி உறை ஊற்றிவிடுவேன்.

பாக்கெட்டிலேயே விட்டுவிட்டவர்கள் முதலில் ஒரு கரண்டிப் பாலைச் சூடாக்கிப் பார்க்கலாம். திரிந்தால் புளிப்பு ஏறிவிட்டது, கொட்டிவிடுங்கள். திரியவில்லை என்றாலும் முழு நம்பிக்கை வேண்டாம். சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு வாடையிலும் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பால் கைக்கு வெதுவெதுப்பாகப் பட்டு, எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்றும் தெரியாவிட்டால் நான் குழந்தைக்குக் கொடுப்பதில்லை.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது போல நாள்கணக்கில் கரண்ட் போனால் இந்த மூன்றுமே உதவாது. அப்போது பால் பவுடர்தான்.