ஆயிரமாவது ஆர்டருக்கு நன்றிப் பதிவு: மூன்று வரைவுகள், ஒரு ஒப்பீடு

கையால் தைத்த நோட்டுப்புத்தகங்களை ஆன்லைனில் விற்கும் தோழி ஒருத்தி, ஆயிரமாவது ஆர்டரை அனுப்பிய மறுநாள் மூன்று வரைவுகளை எழுதி அனுப்பினாள். "எதைப் போடட்டும்? பீற்றிக்கொள்வது போல இருக்கக் கூடாது" என்றாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம்.

முதல் வரைவு: "1000 ஆர்டர்களை எட்டிவிட்டோம்! அயராது உழைத்தோம், தரத்தில் சமரசம் செய்யவில்லை. ஆதரவளித்த அனைவருக்கும் நன்றி."

இரண்டாவது: "எங்களுடையது மிகச் சிறிய முயற்சி. இதற்குத் தகுதியே இல்லாத எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டீர்கள்."

மூன்றாவது: "போன வருஷம் உங்களில் ஒருவர், 'நோட்டு விரித்தால் தட்டையாக நிற்கவில்லை, ஒரு கையால் அழுத்திக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது' என்று எழுதினார். அதன் பிறகுதான் தைக்கும் முறையை மாற்றினோம். நேற்று ஆயிரமாவது ஆர்டர் போனது. அதுவும் அந்தப் புதுத் தையல்தான்."

முதல் வரைவில் எண் இருப்பது தவறில்லை. வினைமுற்றுகளைப் பாருங்கள்: எட்டிவிட்டோம், உழைத்தோம். தமிழில் எழுவாயை எழுதாவிட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். எல்லா வேலையும் விற்றவருடையது. வாங்கியவர் கடைசி வரியில்தான் வருகிறார், அதுவும் "அனைவருக்கும்" என்ற கூட்டத்துக்குள். எழுதியதில் "-ஓம்" எத்தனை, "-ஈர்கள்" எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே பதிவு யாரைப் பற்றியது என்று தெரிந்துவிடும். "நாங்கள்" என்பதை "நாம்" ஆக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். "நாம் ஆயிரத்தை எட்டினோம்" என்றால், ஒரே ஒரு நோட்டு வாங்கியவருக்கு அந்தக் கணக்கில் தனக்கு என்ன பங்கு என்று புரியாது.

இரண்டாவது அடக்கமாகத் தெரிந்தாலும் எனக்கு அதுதான் மூன்றிலும் பலவீனமானது. "தகுதி இல்லை" என்றால், படிப்பவர் "அப்படியெல்லாம் இல்லை, உங்கள் நோட்டு அருமை" என்று பதில் எழுத வேண்டிய கட்டாயம் வருகிறது. நன்றி சொல்ல வந்தவர் பாராட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். காசு கொடுத்து வாங்கியவரின் தேர்வையும் அது குறைத்துப் பேசுகிறது.

மூன்றாவதுக்கே என் ஓட்டு. பழைய நோட்டில் தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டுத் தைத்திருந்தாள். அந்தத் தையல் உறுதியானது, ஆனால் ஓரம் இறுகிவிடுவதால் முழுதாக விரியாது. புதியதில் தாள்களை மடித்துச் சிறு கட்டுகளாக்கி, மடிப்பின் நடுவில் ஊசி விட்டுக் கட்டோடு கட்டைச் சேர்த்துத் தைக்கிறாள். நேரம் கூடுதலாகிறது, நோட்டு மேசையில் படுத்துக்கொள்கிறது. இந்த ஒரு தகவலில் அவள் உழைப்பும் தெரிகிறது, சொன்னவரின் பங்கும் தெரிகிறது. "தரம்" என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இதிலும் கவனம் வேண்டும். குறை சொன்னவரின் பெயரையோ உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையோ போடுவதென்றால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். கேட்கத் தயக்கமாக இருந்தால் "உங்களில் ஒருவர்" போதும். அப்புறம், மாற்றம் உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய நோட்டையே வாங்கிய யாரோ ஒருவர் கீழே வந்து கேட்பார்.

எண்ணையும் சரிபார்த்தோம். ஆயிரம் ஆர்டர் என்பது ஆயிரம் பேர் அல்ல. திரும்பத் திரும்ப வாங்கியவர்கள் இருக்கிறார்கள், ரத்தானவையும் அதே வரிசை எண்ணில் இருக்கின்றன. அதனால் "ஆயிரம் வாடிக்கையாளர்கள்" என்று எழுதக் கூடாது. ரத்தானவற்றைக் கழித்துவிட்டு, உண்மையில் அனுப்பிய ஆயிரமாவது பார்சல் வரும்வரை காத்திருப்பது நல்லது. இந்தக் கணக்கே வேண்டாம் என்றால் முதல் ஆண்டு நிறைவைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் யாரோடும் ஒப்பிட எண் இல்லை, ஆர்டர் குறைவாக இருந்தாலும் பொருந்தும். ஆனால் வெறும் "ஓராண்டு நிறைவு" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால், தையல் மாறிய கதை போல ஏதாவது ஒன்று அதற்கு இன்னும் அதிகமாகவே தேவை.

வரைவின் அடியில் அவள் ஒரு தள்ளுபடிக் கூப்பனும் சேர்த்திருந்தாள். அதை எடுக்கச் சொன்னேன். நன்றியும் கூப்பனும் ஒரே பதிவில் இருந்தால் படிப்பவர் கண் கூப்பனுக்குத்தான் போகும், மேலே எழுதியது அதற்கான முன்னுரையாகிவிடும். இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போடலாம்.

இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதுவதில் முதல் ஓரிரு வரிகள்தான் விரிக்காமல் தெரியும். ஆகவே தட்டையாக நிற்காத நோட்டில் தொடங்கினோம், ஆயிரத்தைப் பின்னால் தள்ளினோம். படத்துக்கு "1000" பலூன் வாங்கி வைத்திருந்தாள். அதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய நோட்டையும் புதியதையும் விரித்து ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். பழையதை மட்டும் ஒரு விரல் அழுத்திப் பிடித்திருந்தது.