தலைநகர் மாறினால் பழைய கணக்கு எந்த ஊரில் சேரும்? மூன்று வழிகள், தருமபுரி–கிருஷ்ணகிரி எண்களோடு

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 28,56,300 பேர். 2011-இல் 15,06,843 பேர். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துக் கழித்தால், மாவட்டம் பத்தாண்டில் 47 விழுக்காடு மக்களை இழந்துவிட்டதாக விடை வரும். உண்மையில் யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, அவ்வளவுதான்.

ஒரு நாடு புதிதாகத் திட்டமிட்ட நகரத்துக்குத் தலைநகரை மாற்றும்போது நடப்பதும் இதுவே. ஏதோ ஒரு மாகாணத்திலிருந்து நிலத்தை வெட்டியெடுத்துத் தனி எல்லை போடுகிறார்கள். பிரேசிலில் 1960-இல் கோயாஸ் மாநிலத்திலிருந்து பிரேசிலியா கூட்டாட்சி மாவட்டம் வந்தது. நைஜீரியாவில் 1976-இல் மூன்று மாநிலங்களிலிருந்து அபுஜா வட்டாரம் வந்தது. நம் நாட்டில் 1912-இல் பஞ்சாபிலிருந்து டெல்லி மாகாணம் பிரிந்தது. பிரிந்த அன்றிலிருந்து தாய் மாகாணத்தின் எண்வரிசையும் புதுத் தலைநகரின் எண்வரிசையும் நடுவில் ஒடிந்து நிற்கும். ஒடிந்ததைக் கையாள மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் நம்மூர் எண்களிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதல் வழி, வரிசையை அங்கேயே வெட்டிவிடுவது. புதுப் பகுதிக்குப் புதுக் குறியீடு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெற்றுக் கட்டம். செலவு இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் தாய்ப் பகுதிக்கும் புதுக் குறியீடு தர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நம் பகுதிக்கு அப்படித்தான் செய்தார்கள். 2001-இல் 33-ஆம் மாநிலமான தமிழ்நாட்டின் 05-ஆவது மாவட்டமாக இருந்த தருமபுரி 630 ஆனது, கிருஷ்ணகிரி 631 ஆனது. பழைய தருமபுரியும் புதிய தருமபுரியும் ஒன்றல்ல என்று குறியீடே எச்சரிக்கிறது. கோயம்புத்தூர் 632, திருப்பூர் 633 என்று வந்ததும் இதே கணக்கில்தான். ஆனால் தாராபுரம், காங்கேயம் வட்டங்களைத் திருப்பூருக்குக் கொடுத்த ஈரோடு, பட்டியலில் தன் பழைய இடத்திலேயே 610 என்று இருக்கிறது. குறியீட்டை மட்டும் நம்பி 2001-ஐயும் 2011-ஐயும் இணைப்பவர் தருமபுரியில் தப்பிவிடுவார், ஈரோட்டில் மாட்டிக்கொள்வார். தாய் மாகாணம் பழைய பெயரையும் பழைய குறியீட்டையும் வைத்துக்கொள்ளும் நாடுகளிலெல்லாம் இந்தப் பள்ளம் இருக்கிறது.

பெயரை வைத்து இணைப்பது இன்னும் மோசம். கஜகஸ்தானின் தலைநகர் 1997-இல் அல்மாட்டியிலிருந்து மாறியபோது அந்த ஊரின் பெயர் அக்மோலா. 1998-இல் அஸ்தானா, 2019-இல் நூர்-சுல்தான், 2022-இல் மறுபடி அஸ்தானா. சுற்றியுள்ள மாகாணத்தின் பெயரோ அன்றும் இன்றும் அக்மோலா. பெயர்ப் பொருத்தம் செய்தால் 1997-இன் நகரம் நேராக 2000-இன் மாகாணத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வழி, இன்றைய எல்லையைப் பழைய ஆண்டுகளின்மேல் போட்டுப் பழைய எண்களைத் திரும்பக் கட்டுவது. டெல்லிக்கு இதைத்தான் செய்தார்கள். இப்போதைய கணக்கெடுப்பு அட்டவணைகளில் டெல்லிக்கு 1901-இல் 4,05,819 பேர், 1911-இல் 4,13,851 பேர் என்று இருக்கும். அந்த ஆண்டுகளில் அந்த எல்லையோடு ஒரு டெல்லியே கிடையாது. பஞ்சாபின் டெல்லி மாவட்டத்தில் சோனிபட் வட்டமும் பல்லப்கர் வட்டமும் சேர்ந்திருந்தன. சோனிபட் ரோத்தக்குக்குப் போனது. பல்லப்கரில் ஒரு பகுதி டெல்லியோடு நின்றது, மற்றது குர்கானுக்குப் போனது. 1915-இல் யமுனைக்குக் கிழக்கே 65 கிராமங்கள் ஐக்கிய மாகாணத்திலிருந்து வந்து சேர்ந்தன. இத்தனையும் கூட்டிக் கழித்துப் பின்னோக்கி எழுதிய எண்கள் அவை.

இந்த வழி எளிதா கடினமா என்பது எல்லைக்கோடு எங்கே வெட்டியது என்பதைப் பொறுத்தது. கிருஷ்ணகிரிக்கு முழு வட்டங்களாகப் போயின: கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை. 2001-இன் வட்டவாரி எண்களைக் கூட்டினால் போதும், 15,61,118 வந்துவிடும். மிச்சம் 12,95,182 தருமபுரிக்கு. ஆக உண்மையான வளர்ச்சி தருமபுரியில் 16.3 விழுக்காடு, கிருஷ்ணகிரியில் 20.4 விழுக்காடு. பல்லப்கர் போல வட்டமே பிளந்தால் கிராமவாரிப் பட்டியல் வேண்டும். இந்தோனேசியாவின் புதுத் தலைநகர்ப் பகுதியான நுசந்தாரா இந்தப் பிளந்த வகை. செப்பாக்கு என்ற உட்பிரிவு முழுதாக உள்ளே வருகிறது, பக்கத்து கூத்தாய் கர்த்தநெகாராவின் சில உட்பிரிவுகள் பாதியாக வெட்டுப்படுகின்றன.

கிராமவாரிப் பட்டியல் கிடைக்காதபோது பலர் பரப்பளவை வைத்துப் பங்கு போடுகிறார்கள். இன்றைய தருமபுரி சுமார் 4,500 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 5,130. அப்படியானால் தருமபுரியின் பங்கு 46.7 விழுக்காடு. 2001-இன் மொத்தத்தை இதன்படி பிரித்தால் தருமபுரிக்கு 13.35 லட்சம் வரும், வளர்ச்சி 13 விழுக்காடு ஆகிவிடும். உண்மைப் பங்கு 45.3 விழுக்காடு. பங்கில் ஒன்றரைப் புள்ளி பிசகியதற்கே வளர்ச்சி வீதத்தில் மூன்று புள்ளிக்கு மேல் போய்விட்டது. இரண்டு மாவட்டங்களும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருந்ததால் பிழை இந்த அளவோடு நின்றது. திட்டமிட்ட தலைநகருக்கு ஆள் குறைந்த நிலமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அங்கே பரப்பளவுப் பங்கு போட்டால் பழைய மக்கள்தொகை பன்மடங்கு கூடித் தெரியும், நகரம் வளர்ந்த வேகம் குறைந்து தெரியும்.

மக்கள்தொகைக்குச் சரியாக வந்த பங்கை வேறு எதற்கும் தூக்கிப் போடக்கூடாது. பிரியாத மாவட்டத்தின் தொழிற்சாலை உற்பத்தியில் 45 விழுக்காட்டைத் தருமபுரிக்கு எழுதினால் ஓசூர் சிப்காட்டில் பாதியைப் பெயர்த்து நல்லம்பள்ளியில் வைத்த கதையாகும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பங்கு வேண்டும், எதைக்கொண்டு அந்தப் பங்கு வந்தது என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். அதற்கான அட்டவணை இவ்வளவு சிறியதுதான்:

```
old,new,from,item,share,basis
3305,630,2004,population,0.4534,taluk_2001
3305,631,2004,population,0.5466,taluk_2001
```

ஒரு பொருளுக்குரிய பங்குகளின் கூட்டுத்தொகை சரியாக 1 வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு கிராமம் இரண்டு பக்கமும் சேர்ந்திருக்கிறது அல்லது இரண்டிலும் விட்டுப்போயிருக்கிறது. மாதிரி ஆய்வுகளுக்கு இந்த வழி சுத்தமாக உதவாது. பிரியாத மாவட்டம் முழுமைக்கும் என்று எடுத்த மாதிரியில் ஒரு துண்டுக்கு விழுந்த வீடுகள் சொற்பமாக இருக்கும், அதைவைத்து அந்தத் துண்டின் வருமானத்தைச் சொல்ல முடியாது.

ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி இந்த வழியில்தான் உயிர்க்கேள்வியாகிறது. திரும்பக் கட்ட வேண்டுமென்றால் கிராம அளவிலான மூலத் தாள்கள் கைக்கு எட்ட வேண்டும். கல்கத்தாவில் 1891-இல் தொடங்கிய இம்பீரியல் ஆவணத் துறைக்குப் புது டெல்லியில் 1926-இல் கட்டடம் தயாரானது. கல்கத்தாவிலிருந்து ஆவணங்கள் வந்து முடிந்தது 1937-இல். தலைநகர் மாற்றத்தை அறிவித்து 26 ஆண்டுகள், ஆவணங்கள் இரண்டு ஊர்களில் கிடந்தன. பிரேசில் எதிர்த்திசையில் போனது. புள்ளிவிவர நிறுவனத்தின் தலைமையகமும் தேசிய ஆவணக் காப்பகமும் இன்றும் ரியோவிலேயே இருக்கின்றன. எங்கள் பார்வையில், முடிந்துபோன கோப்புகளுக்கு பிரேசிலின் வழிதான் மேல். கட்டுகளைப் பிரித்து இரண்டு ஊருக்கு அனுப்பும்போதுதான், அந்த ஊரில் இருக்கும் என்று இவர்களும் இந்த ஊரில் இருக்கும் என்று அவர்களும் சொல்லத் தொடங்குகிறார்கள். நடப்புக் கோப்பு போய்த்தான் ஆக வேண்டும். அனுப்பியவர் பட்டியலையும் பெற்றவர் பட்டியலையும் கட்டு எண்வாரியாக ஒப்பிட்டு இருவரும் கையெழுத்திட்ட பிறகே பழைய அறையைப் பூட்டலாம்.

மூன்றாவது வழி, பிரிந்த துண்டுகளையெல்லாம் எப்போதும் சேர்த்தே பார்ப்பது. பிரேசில் ஆய்வாளர்கள் இதைக் குறைந்தபட்ச ஒப்பீட்டுப் பரப்பு என்பார்கள். எல்லை மாறாமல் நிற்கும் மிகச் சிறிய கூட்டைக் கண்டுபிடித்து அதற்குள் நடந்ததைக் கூட்டிவிட வேண்டும். நம் பகுதிக்குத் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்தது: 28,56,300-இலிருந்து 33,86,652, வளர்ச்சி 18.6 விழுக்காடு. ஊகம் எதுவும் இல்லை. 1965-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் சேலத்தையும் சேர்க்க வேண்டும், அப்போது கூடு பெருத்துவிடும்.

பிரேசிலின் பழைய தலைநகர்ப் பக்கம் இந்த வழி அழகாகப் பொருந்துகிறது. ரியோ நகரம் 1960-இல் குவானபாரா என்ற தனி மாநிலமானது. 1975-இல் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தோடு இணைந்தது. இரண்டையும் எல்லா ஆண்டுகளுக்கும் கூட்டிவிட்டால் வரிசை நேராகிவிடும். புதுத் தலைநகர்ப் பக்கம் அப்படியில்லை. கோயாஸிலிருந்து 1988-இல் டோக்கன்டின்ஸும் பிரிந்ததால், மாநில அளவில் மாறாத கூடு வேண்டுமென்றால் மூன்றையும் சேர்க்க வேண்டும். 2022-இல் அந்தக் கூட்டில் ஏறக்குறைய 1.14 கோடிப் பேர், அதில் கூட்டாட்சி மாவட்டம் 28,17,381, அதாவது கால்வாசி. தலைநகரம் என்ன ஆனது என்று கேட்டு வந்தவருக்கு இந்த எண் பதில் சொல்லாது.

ஆகவே நீண்டகால வளர்ச்சிக்கும் மாகாண ஒப்பீட்டுக்கும் மூன்றாவது வழியை எடுங்கள். நகரத்தையே பார்க்க வேண்டும், கிராமவாரித் தாளும் இருக்கிறது என்றால் இரண்டாவது. வருமானம், விலை, மாதிரி ஆய்வு என்று வந்தால் முதல் வழியோடு நின்றுகொள்ளுங்கள், ஒடிந்த வரிசையை இழுத்து ஒட்டாதீர்கள். தலைநகரை இனிமேல்தான் மாற்றப்போகும் நாட்டுக்கு இன்னொரு வசதி உண்டு: மாறுவதற்கு முன்பே புது எல்லைக்குள் தனியாக ஒரு கணக்கெடுப்பை நடத்திவிடலாம். பிரேசில் 1959-இல், திறப்பு விழாவுக்கு முந்தைய ஆண்டில், பிரேசிலியாவில் அப்படி எடுத்தது, அதில் 64,314 பேர் இருந்தார்கள். பின்னோக்கிக் கட்டும் வேலைக்கு இப்படி ஒரு நங்கூரம் கிடைப்பது அரிது.

மூன்று வழிகளிலும் மறைந்திருக்கும் ஒரு பிழையைத் தனியாகத் தேட வேண்டும், அது இடப்பெயர்வு எண். 1980-இல் ஓசூரில் பிறந்து ஓசூரிலேயே வாழ்பவர், பிறந்த மாவட்டம் தருமபுரி என்று சொல்லி, அது அப்படியே பதிவாகிவிட்டால், அட்டவணையில் அவர் வெளிமாவட்டத்திலிருந்து குடிவந்தவர். புதுத் தலைநகருக்குள் மாட்டிய பழைய கிராமத்தார் எல்லோருக்கும் இதே நிலைதான், மாநில எல்லையே தாண்டியவராகிவிடுவார். கண்டுபிடிக்க ஒரு குறுக்குச் சோதனை போதும்: பிறந்த இடம் தாய் மாகாணம் என்றும், இங்கே வசிக்கும் காலம் பிறந்தது முதல் என்றும் ஒரே ஆளுக்கு விழுந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி விழுந்தவர்களைக் குடியேறியவர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் நகரம் எத்தனை பேரை இழுத்தது என்று எழுத வேண்டும்.