‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டை நம்பி அப்பாவுக்கு சர்க்கரை ஏறிவிட்டது: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை வந்து பதினோரு வருடம். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். இவ்வளவு நாளும் காலையில் வெறும் வயிற்றில் 120, 130 என்று ஒழுங்காகத்தான் இருந்தது. போன மாதம் பாலக்காட்டில் செக்கப்புக்குப் போனபோது 168 காட்டியது. டாக்டர் மாத்திரையைக் கூட்ட சீட்டை எடுத்துவிட்டார். அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்தி, "புதுசா ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அப்பா யோசிக்காமல், "ஒண்ணுமில்லீங்க, சுகர் இல்லாத பிஸ்கட் மட்டும்தான்" என்றார்.

அந்த பிஸ்கட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தச் செக்கப்புக்கு ஒன்றரை மாதம் முன்பு கடைவீதியில் ஒரு கடையில் ‘சர்க்கரை நோயாளிகளுக்கான பிஸ்கட்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை மாட்டியிருந்தார்கள். கடைக்காரர் அப்பாவிடம், "சுகர்காரங்களுக்குன்னே வந்ததுங்க. சக்கரை துளிகூட இல்ல, எத்தனை வேணாலும் சாப்பிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். 150 கிராம் பாக்கெட், 140 ரூபாய். அதுவரை டீயோடு இரண்டு மாரி பிஸ்கட் மட்டும் சாப்பிட்டவர், காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு என்று ஆரம்பித்துவிட்டார். எத்தனை வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டார்களே! பாக்கெட் இரண்டு நாளைக்குக்கூட வராது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. "பிஸ்கட்டை நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க, அந்தப் பாக்கெட்டையும் கொண்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பி வைத்து உட்கார்ந்தேன். பின்பக்கம் முழுக்க ஆங்கிலம், எறும்பு ஊர்வது போல எழுத்து. ஆங்கிலம் அல்லது இந்தியில் இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். தமிழும் மலையாளமும் நன்றாகப் படிக்கும் என் அப்பாவுக்கு ஆங்கிலம், இந்தி இரண்டுமே வராது. அதனால் அவர் பலகையையும் கடைக்காரரையும் நம்பினார்.

அட்டவணையில் 100 கிராமுக்கு என்று போட்டிருந்தது இது. எனர்ஜி 465 கிலோ கலோரி. கார்போஹைட்ரேட் 66 கிராம். அதற்குக் கீழே டோட்டல் சுகர்ஸ் 0.4 கிராம், ஆடட் சுகர்ஸ் 0. டோட்டல் ஃபேட் 21 கிராம், அதில் சாச்சுரேட்டட் ஃபேட் 10 கிராம். சோடியம் 420 மில்லிகிராம்.

சுகர் 0.4 என்பது பொய் இல்லை. 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் போகாவிட்டால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ள நம் நாட்டு விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ‘சுகர்’ என்று எண்ணுவது குளுக்கோஸ், சீனி, பாலில் உள்ள லாக்டோஸ் மாதிரி சின்னச் சின்ன சர்க்கரைகளை மட்டும். மைதாவில் இருப்பது மாவுச்சத்து. அது குளுக்கோஸ்களை நீளமாகக் கோத்த சங்கிலி, அதனால் சுகர் வரியில் வராது. குடலுக்குள் போனதும் சங்கிலி அறுந்து மொத்தமும் குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் ஏறும். ஆகவே சர்க்கரை உள்ளவர் முதலில் பார்க்க வேண்டியது சுகர் வரியை அல்ல, அதற்கு மேலே இருக்கும் கார்போஹைட்ரேட் வரியை. எங்கள் பாக்கெட்டில் அது 66. பாக்கெட்டில் பாதிக்கு மேல் அதுதான்.

அட்டவணைக்குப் பக்கத்தில் இன்கிரீடியன்ட்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. இதில் முதலில் ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர், அதாவது மைதா. இரண்டாவது பாம் ஆயில். அதற்கடுத்து மால்டிட்டால், மால்டோடெக்ஸ்ட்ரின். இந்த இரண்டு பெயரும் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் நடத்தை வேறு. மால்டிட்டால் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு, சில பாக்கெட்டில் 965 என்ற எண்ணாக மட்டும் இருக்கும். அது சீனி அளவுக்கு ரத்தத்தில் ஏறாது, ஆனால் கொஞ்சம் ஏறும். அதிகம் தின்றால் வயிறு பொருமும், பேதியாகும். அப்பா ஒரு மாதமாக வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மால்டோடெக்ஸ்ட்ரின் பாதி உடைத்து வைத்த மாவுச்சத்து. இனிப்பு அவ்வளவாகத் தெரியாது, அதில் பெரும்பங்கு சுகர் வரியிலும் வராது, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸ் மாதிரி வேகமாக ஏறும். இதைப் பட்டியலில் பார்த்தால் கவனமாக இருங்கள்.

சரி, அப்பா சாப்பிட்டது எவ்வளவு? இரண்டு பிஸ்கட் 15 கிராம் என்று பாக்கெட்டிலேயே இருந்தது. ஆறு பிஸ்கட் 45 கிராம். 45ஐ 66ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30 கிராம் கார்போஹைட்ரேட். எங்கள் வீட்டு இட்லிக் கணக்கில் இரண்டரை, மூன்று இட்லி. காலைச் சாப்பாடு முடிந்து, இடையில் டீயோடு இன்னொரு மூன்று இட்லி. சாயங்காலம் மறுபடி மூன்று. முன்பு சாப்பிட்ட மாரி பிஸ்கட்டில் சீனி உண்டு, அதனால் அது கெட்டது என்று நினைத்து நிறுத்தினார். அதன் பாக்கெட்டையும் எடுத்துப் பார்த்தேன். 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 77. ஆனால் இரண்டு பிஸ்கட் 11 கிராம்தான், ஆக எட்டரை கிராம் கார்போஹைட்ரேட். எட்டரையிலிருந்து முப்பதுக்குப் போனதுதான் சுகர் ஏறியதற்குக் காரணம்.

எனக்கு மனசு ஆறாமல், டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு நாள் குளுக்கோமீட்டரில் பார்த்தோம். காலை பதினொரு மணி டீக்கு முன்னால் 142. வழக்கம்போல ஆறு பிஸ்கட், சீனி போடாத டீ. இரண்டு மணி நேரம் கழித்து 221. அப்பா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுகர் இல்லைன்னுதானே கண்ணு சொன்னான்" என்றார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அட்டவணையில் இன்னொரு இடத்திலும் ஏமாந்துவிடுவோம். வலது ஓரத்தில் ஆர்டிஏ என்று சதவீதம் இருக்கும், ஒரு நாளைக்குத் தேவையானதில் எத்தனை பங்கு என்று. அது ஒரு ‘சர்விங்’குக்கு, இங்கே இரண்டு பிஸ்கட்டுக்கு. சாச்சுரேட்டட் ஃபேட் 7 சதவீதம், சோடியம் 3 சதவீதம் என்று பார்த்ததும் நிம்மதியாக இருக்கும். அந்தக் கணக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடும் ஆளுக்கு: சாச்சுரேட்டட் ஃபேட் 22 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம், ஆடட் சுகர் 50 கிராம். அப்பா ஒரு நாளைக்குச் சாப்பிட்டது பன்னிரண்டு பிஸ்கட், 90 கிராம். சாச்சுரேட்டட் ஃபேட் 9 கிராம் ஆகிவிடுகிறது. 22இல் 9 என்றால் 41 சதவீதம், அதுவும் பிஸ்கட்டில் மட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் இந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரையை எடுத்த இடத்தில் மொறுமொறுப்புக்கும் ருசிக்கும் கொழுப்பைக் கூட்டியிருக்கிறார்கள். மாரி பாக்கெட்டில் மொத்தக் கொழுப்பே 12 கிராம்தான், இதில் 21.

உப்பு என்று அட்டவணையில் தேடினால் கிடைக்காது, சோடியம் என்றுதான் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும், ஆயிரம் மில்லிகிராம் ஒரு கிராம். பன்னிரண்டு பிஸ்கட்டில் 378 மில்லிகிராம் சோடியம், ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இனிப்பு பிஸ்கட்டில் உப்பா என்று அம்மா நம்பவில்லை. உப்பு மட்டுமல்ல, மாவைப் பொங்க வைக்கும் சோடா உப்பிலும் சோடியம் உண்டு, பட்டியலில் அது 500 என்ற எண்ணாக இருக்கும். எங்கள் பக்கம் தினமும் சாப்பாட்டில் பப்படம் உண்டு, அதிலும் பப்படக்காரத்தால் இதே கதைதான். அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அந்தப் பாக்கெட்டையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "கம்பெனி எழுதினதைத்தானுங்க நாங்க சொல்றோம்" என்றார். கம்பெனி ‘சுகர் ஃப்ரீ’ என்றுதான் எழுதியிருக்கிறது. ‘சர்க்கரை நோயாளிகளுக்கு’, ‘எத்தனை வேண்டுமானாலும்’ என்றெல்லாம் பாக்கெட்டில் எங்குமே இல்லை. அதைக் காட்டியபோது பேச்சை மாற்றிவிட்டார். பக்கத்திலேயே ‘வெள்ளைச் சீனி இல்லை’ என்று ஒரு லட்டு இருந்தது. திருப்பிப் பார்த்தால் வெல்லமும் தேனும். அது இரண்டும் ஏறுவது சீனி மாதிரிதான்.

சர்க்கரை குறைக்க கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வீட்டில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுகர் 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால், இந்த வகை பிஸ்கட்டை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொழுப்பு அதிகமானதால் மெதுவாகத்தான் ஏறும், அதற்கு நேரமில்லை. அப்போது வேண்டியது குளுக்கோஸ் பொடியோ சீனி கரைத்த தண்ணீரோ, 15 கிராம் அளவுக்கு. கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

அப்பாவுக்கு ஒரு அட்டையில் நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் தமிழில் உச்சரிப்பைப் போட்டுக் கொடுத்தேன்: கார்போஹைட்ரேட், ஆடட் சுகர்ஸ், சாச்சுரேட்டட் ஃபேட், சோடியம். சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கடையில் நின்று எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டு எண்ணைப் படித்து எனக்குப் போன் செய்கிறார். நேற்று ‘மல்டிகிரெய்ன்’ ரஸ்க் ஒன்றை வைத்துக்கொண்டு, "கார்போ எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கு கண்ணு, வேண்டாம்தானே?" என்று கேட்டார். மூன்று வாரம் முடிந்து போன வியாழக்கிழமை பார்த்ததில் வெறும் வயிற்றில் 131. மாத்திரை பழைய அளவிலேயே இருக்கிறது. அந்தக் கடையில் பலகையும் அப்படியேதான் தொங்குகிறது.