2.5 லட்சம் பேரா, 1,000 பேரா? இணைய வாக்கெடுப்பையும் மாதிரிக் கணிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

செய்தித் தளத்தில் ஒரு கேள்வி, கீழே இரண்டு பொத்தான்கள். மாலைக்குள் 80,000 வாக்குகள் விழுந்துவிடுகின்றன. அதே விஷயத்தில் 1,000 பேரிடம் மட்டும் கேட்ட ஒரு கருத்துக்கணிப்பு வேறு முடிவைச் சொல்கிறது. எதை நம்புவது? 80,000 பெரிய எண் என்பதால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்புதான். ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் விடை நேர்மாறாக வருகிறது.

ஒரு லட்சம் பேர் கொண்ட மக்கள்தொகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு திட்டத்தை அவர்களில் 60 சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள், 40 சதவீதம் பேர் எதிர்க்கிறார்கள். ஆதரிப்பவர்களுக்கு அதில் பெரிய வேகம் இல்லை. வாக்கெடுப்பு கண்ணில் பட்டாலும் 100 பேரில் ஒருவர்தான் நின்று வாக்களிக்கிறார். எதிர்ப்பவர்களுக்குக் கோபம் இருக்கிறது. 100 பேரில் 3 பேர் வாக்களிக்கிறார்கள். ஆக, ஆதரவு வாக்குகள் 600, எதிர்ப்பு வாக்குகள் 1,200. திட்டத்தை 33 சதவீதம் பேர்தான் ஆதரிக்கிறார்கள் என்று முடிவு வந்துவிடும். இங்கே யாரும் கள்ள வாக்கு போடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கும் உண்மையானது. கிடைத்த சதவீதம்தான் தவறு.

சரி, இன்னும் ஒரு வாரம் திறந்து வைத்தால்? இரு தரப்பிலும் வாக்குகள் இரட்டிப்பாகி 1,200-க்கு 2,400 என்று ஆனாலும் அதே 33 சதவீதம்தான். எண்ணிக்கை கூடியதால் பிழை துளியும் குறையவில்லை. அதே மக்களிடமிருந்து குலுக்கல் முறையில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் அனைவரும் பதில் சொன்னால், 20-இல் 19 முறை முடிவு 57-க்கும் 63-க்கும் நடுவில் விழும். இந்த மூன்று புள்ளி ஏற்ற இறக்கத்தைத்தான் பிழை வரம்பு என்கிறார்கள். இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: யார் பதில் சொல்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? குலுக்கலில் கணிப்பு நடத்துபவர் ஆட்களைத் தேடிப் போகிறார். திறந்த வாக்கெடுப்பில் அந்த முடிவை ஆட்களே எடுக்கிறார்கள், அதுவும் கேள்வியைப் படித்த பிறகு. கேள்வியே வடிகட்டியாகிவிடுகிறது.

திறந்த வாக்கெடுப்பிலும் இரண்டு வகை உண்டு. இணையதளத்தில் வைக்கப்படும் வாக்கெடுப்பு ஒன்று, சமூக ஊடகக் கணக்கில் வைக்கப்படும் வாக்கெடுப்பு இன்னொன்று. முதல் வகையில் ஒரே ஆள் பலமுறை வாக்களிப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. உலாவியில் ஒரு குக்கியை வைத்துத் தடுத்தால், அதை அழித்துவிட்டு மறுபடி வாக்களிக்கலாம். ஐபி முகவரியை வைத்துத் தடுத்தால், ஒரே முகவரியைப் பகிரும் அலுவலகமோ கைபேசி வலையமைப்போ முழுவதுமே ஒரு வாக்கோடு நின்றுவிடும். சமூக ஊடகத்தில் ஒரு கணக்குக்கு ஒரு வாக்குதான் என்பதால் இந்தத் தொல்லை குறைவு, போலிக் கணக்குகளைத் தவிர.

ஆனால் வேறு இரண்டு சிக்கல்கள் அங்கே வந்து சேர்கின்றன. முதலாவது, கேள்வி யார் கண்ணில் படுகிறது என்பது. அதை வைத்தவரைப் பின்தொடர்பவர்கள், அவர்கள் பகிர்ந்தால் அவர்களைப் பின்தொடர்பவர்கள் என்று ஒரே மாதிரி யோசிக்கிறவர்களின் வட்டத்துக்குள்ளேயே அது சுற்றுகிறது. எதிர்த்தரப்பைச் சேர்ந்த பெரிய கணக்கு ஒன்று பகிர்ந்துவிட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் முடிவு தலைகீழாகும். மக்களின் கருத்து ஒரு மணி நேரத்தில் அப்படிப் புரள்வதில்லை. வாக்குகள் ஏறும் வேகத்தைக் கவனித்தால் இந்தத் திடீர்த் தாவல் நன்றாகவே தெரியும். இரண்டாவது, எக்ஸ் தளத்தில் வாக்களித்த பிறகுதான், அல்லது நேரம் முடிந்த பிறகுதான் முடிவைப் பார்க்க முடியும். முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆவலில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே பலர் கடைசித் தெரிவாக ‘முடிவைப் பார்க்க’ என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். எக்ஸில் வாக்களித்தவர்கள் யார், என்ன வயது, எந்த ஊர் என்பது வாக்கெடுப்பை வைத்தவருக்கே தெரியாது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், சமூக ஊடக வாக்கெடுப்பைத்தான் சொல்வேன். இணையதளத்தில் கூடுதலாக நாலு கேள்விகளையாவது கேட்டு வைக்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

எண்ணிக்கையின் மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021-இல் அமெரிக்காவில் தெளிவாகப் பார்க்க முடிந்தது. வயதுவந்தோரில் எத்தனை பேர் கோவிட் தடுப்பூசியின் முதல் தவணையாவது போட்டுக்கொண்டார்கள் என்பதை மூன்று கணிப்புகள் ஒரே காலகட்டத்தில் மதிப்பிட்டன. ஃபேஸ்புக் துணையுடன் டெல்ஃபி ஆய்வுக் குழு நடத்திய கணிப்பில் வாரத்துக்குச் சுமார் 2.5 லட்சம் பேர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணிப்பில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் 75,000 பேர். ஆக்ஸியோஸ்–இப்சோஸ் கணிப்பில் ஒவ்வொரு முறையும் சுமார் 1,000 பேர். போடப்பட்ட ஊசிகளின் கணக்கு நோய்க் கட்டுப்பாட்டு மையத்திடம் இருந்தது. அதனால் யார் சொன்னது சரி என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பொதுக் கருத்தை அளக்கும் துறையில் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம்.

மே 2021-இல் முதல் கணிப்பு உண்மையை விட 17 சதவீதப் புள்ளிகள் அதிகமாகக் காட்டியது. இரண்டாவது 14 புள்ளிகள் அதிகம். மிகச் சிறிய மூன்றாவது கணிப்புதான் உண்மைக்குப் பக்கத்தில் நின்றது. அந்த ஆண்டே ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இன்னொன்றையும் கணக்கிட்டது. ஏப்ரலில் முதல் கணிப்பின் 2.5 லட்சம் பதில்களும் சேர்ந்து, சரியாகக் குலுக்கி எடுத்த 10 பேரின் பதில்களுக்கு மேல் மதிப்புப் பெறவில்லை. பெரிய எண்ணிக்கையால் பிழை வரம்பு மட்டும் மிகக் குறுகலாகத் தெரிந்தது. தவறான எண் மிகுந்த உறுதியோடு சொல்லப்பட்டது என்பதுதான் இதன் பொருள். ஆபத்தும் அங்கேதான்.

இதில் கவனிக்க வேண்டியது, தவறிய இரண்டுமே திறந்த வாக்கெடுப்புகள் அல்ல. ஃபேஸ்புக் தன் பயனர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துத்தான் அழைத்தது. அழைப்பைப் பார்த்தவர்களில் பதில் சொன்னவர்கள் சுமார் ஒரு சதவீதம். கணக்கெடுப்புத் துறை முகவரிப் பட்டியலிலிருந்து எடுத்து மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பியது. பிறகு இரண்டும் எடை போட்டுத் திருத்தின. அதாவது, இளைஞர்கள் குறைவாக வந்திருந்தால் அவர்களுடைய பதிலுக்குக் கூடுதல் எடை கொடுப்பது போன்ற திருத்தம். முதல் கணிப்பின் திருத்தத்தில் கல்வியும் இனமும் சேரவில்லை. இரண்டாவதில் இரண்டும் சேர்ந்திருந்தும் 14 புள்ளிகள் தவறின. தடுப்பூசி போட்டுக்கொள்ள முன்வரும் ஆளும், கணிப்புக்குப் பதில் சொல்ல முன்வரும் ஆளும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்றால், வயதும் படிப்பும் சரிசெய்த பிறகும் அந்தச் சாய்வு மிச்சம் இருக்கும். ஆக்ஸியோஸ்–இப்சோஸ் கணிப்போ முகவரிகளைக் குலுக்கிச் சேர்த்த நிரந்தரக் குழுவிடம் கேட்டது. இணைய வசதி இல்லாதவர்களுக்கு அந்தக் குழுவை நடத்தியவர்களே கருவியும் இணைப்பும் கொடுத்திருந்தார்கள். செலவு பிடிக்கும் அந்த வேலைதான் 1,000 பேரின் பதிலுக்கு மதிப்பைத் தந்தது. இவ்வளவு ஏற்பாட்டோடு நடந்த கணிப்புகளே 14, 17 புள்ளிகள் விலகியிருக்கும்போது, எந்தத் தேர்வும் திருத்தமும் இல்லாத ஒரு பொத்தான் வாக்கெடுப்பிடம் எதை எதிர்பார்ப்பது?

அப்படியானால் தாமாக வந்தவர்களின் பதில் எப்போதுமே குப்பைதானா? இல்லை. 2012 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியே ஓர் ஆய்வு நடந்தது. பங்கேற்றவர்கள் சுமார் 3.45 லட்சம் பேர். அவர்களில் 93 சதவீதம் ஆண்கள். இதைவிடக் கோணலான மாதிரியைக் கற்பனை செய்வது கடினம். ஆனாலும் ஆய்வாளர்கள் அதிலிருந்து, முன்னணிக் கருத்துக்கணிப்புகளுக்கு ஈடான மதிப்பீட்டை எடுத்தார்கள். பாலினம், வயது, இனம், படிப்பு, மாநிலம், கட்சிச் சார்பு, முந்தைய தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்பதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்டு வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான சிறு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவும் உண்மையான வாக்காளர்களில் எவ்வளவு என்பதைக் கொண்டு மறுபடி கூட்டினார்கள். முக்கியமாக, ஒருவர் இந்தத் தேர்தலில் என்ன செய்வார் என்பதை அவருடைய போன தேர்தல் வாக்கும் கட்சிச் சார்பும் பெரிதும் சொல்லிவிடும். எல்லாக் கேள்விகளுக்கும் இப்படிப்பட்ட துணைத் தகவல் கிடைக்காது. சமூக ஊடக வாக்கெடுப்பிலோ துணைத் தகவல் என்று எதுவுமே இல்லை.

குலுக்கல் முறையையும் அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய தொலைபேசிக் கணிப்புகளில் 1997-இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2018-இல் 6 சதவீதமாகிவிட்டது. மீதி 94 சதவீதம் பேர் எப்படி இருப்பார்கள் என்ற கேள்வி இங்கேயும் எழத்தான் செய்கிறது. ஆனாலும் இரண்டு அனுகூலங்கள் இருக்கின்றன. யாரை அழைத்தோம், யார் மறுத்தார்கள் என்ற கணக்கு கையில் இருக்கிறது. அப்புறம், தொலைபேசியை எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் தலைப்பு தெரிவதற்கு முன்பே பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் அந்த மறுப்பு குறிப்பிட்ட ஒரு கருத்தோடு ஒட்டிக்கொள்வது குறைகிறது. மேலே போட்ட கணக்கில் ஒன்றுக்கு மூன்று என்று இருந்த வேறுபாடு, இங்கே பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். ஒரு கருத்தை எத்தனை சதவீதம் பேர் கொண்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், 1,000 பேரிடம் முறையாகக் கேட்ட குலுக்கல் கணிப்பு. அதற்குப் பணம் இல்லையென்றால், விரிவான துணைக் கேள்விகளோடு நடத்தி எடை போட்ட இணையக் கணிப்பு, அதுவும் எச்சரிக்கையோடு. எதிர்ப்பவர்கள் என்னென்ன காரணம் சொல்கிறார்கள் என்று அறியத் திறந்த வாக்கெடுப்பு உதவும், கருத்து எழுத இடம் கொடுத்திருந்தால். ஆனால் அதிலிருந்து வரும் சதவீதத்தை ‘மக்கள் கருத்து’ என்று தலைப்பில் போடவே கூடாது. பிழை வரம்பையும் போடக் கூடாது. அந்தச் சூத்திரம் குலுக்கலுக்கு மட்டுமே உரியது.

திறந்த வாக்கெடுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால், மக்கள்தொகை முழுவதற்கும் விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கூடவே சேர்த்துக் கேளுங்கள். போன தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது நல்ல கேள்வி, ஏனென்றால் உண்மையான முடிவு பதிவில் இருக்கிறது. உங்கள் வாக்கெடுப்பு அதில் 15 புள்ளிகள் தவறினால் மற்றக் கேள்வியின் சதவீதத்தையும் வெளியிட வேண்டாம். தவறாவிட்டாலும் உங்கள் கேள்வியில் சாய்வு இல்லை என்று ஆகிவிடாது. அந்த ஒரு விஷயத்தில் சாய்வு தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும்.