பழைய வேலை விளம்பரம்: முதலில் கேட்பதா, விண்ணப்பித்துவிட்டுக் கேட்பதா?

ஒரு நிறுவனத்தின் கேரியர்ஸ் பக்கத்தில் நமக்குச் சரியாகப் பொருந்தும் வேலை ஒன்று கிடக்கிறது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் "Posted 30+ Days Ago" என்று மட்டும் இருக்கிறது. வொர்க்டே மென்பொருளில் ஓடும் பக்கங்கள் 30 நாளுக்கு மேல் எண்ணிச் சொல்வதில்லை. 31 நாளானாலும் ஏழு மாதமானாலும் இதே வரிதான். லிங்க்டின்னில் கதை தலைகீழ். பழைய விளம்பரத்தையே திரும்பப் போட்டுவிட்டு "Reposted 2 days ago" என்று காட்டும்.

உண்மையான தேதி வேண்டுமென்றால், கணினியில் அந்த கேரியர்ஸ் பக்கத்தைத் திறந்து Ctrl+U தட்டி, வருகிற குவியலில் datePosted என்று தேடிப் பாருங்கள். கூகுள் வேலைத் தேடலில் வரவேண்டும் என்பதற்காகப் பல நிறுவனங்கள் இதை உள்ளே எழுதி வைத்திருக்கும்:

```
"datePosted": "2025-03-11"
```

எல்லாப் பக்கத்திலும் இருக்காது. இருந்தால் அரை நிமிட வேலை.

சரி, மூன்று மாதப் பழசு என்று தெரிந்துவிட்டது. அதனால் வேலை போய்விட்டது என்று ஆகிவிடாது. நம் ஊர் ஐடி நிறுவனங்களில் விளம்பரம் இப்படித் தொங்குவதற்குப் பெரிய காரணம் நோட்டீஸ் பீரியட். ஒருவருக்கு ஆஃபர் போயிருக்கும், அவர் பழைய கம்பெனியில் 90 நாள் கழித்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் அவர் இன்னொரு ஆஃபரை வாங்கிக்கொண்டு வராமலே போய்விடலாம் என்ற பயம் எல்லா ரெக்ரூட்டருக்கும் உண்டு. அதனால் ஆள் உண்மையில் வந்து சேரும்வரை விளம்பரத்தை மூட மாட்டார்கள். வேறு சில இடங்களில் பட்ஜெட் நின்றுபோயிருக்கும், மூட மறந்திருப்பார்கள். இன்னும் சிலது எப்போதும் ரெஸ்யூமே சேர்ப்பதற்காகவே திறந்து வைத்தவை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்போது வழிகளைப் பார்ப்போம். முதல் வழி, எதுவும் கேட்காமல் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது. செலவே இல்லை, ஆனால் பழைய விளம்பரத்துக்கு இது பலவீனமான வழி. முதல் சில வாரங்களில் வந்த ரெஸ்யூமேக்களைப் பார்த்து, இன்டர்வியூவும் நடத்தி முடித்த ரெக்ரூட்டர் அந்தப் பட்டியலைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

இரண்டாவது, விண்ணப்பிக்கும் முன் "இந்த வேலை இன்னும் இருக்கிறதா?" என்று செய்தி அனுப்புவது. மரியாதையாகத் தெரிந்தாலும், கேட்கப்படுபவருக்கு இது ஒரு கூடுதல் வேலை. எந்த வேலை என்று தேட வேண்டும், நீங்கள் பொருந்துவீர்களா என்று அவருக்குத் தெரியாது, பதில் சொன்னால் நீங்கள் விண்ணப்பிப்பீர்களா என்பதும் தெரியாது. பதில் வந்தாலும் பெரும்பாலும் ஒற்றை "யெஸ்"தான். ஆஃபர் கொடுத்து ஆளுக்காகக் காத்திருக்கும் வேலையும் கணக்குப்படி "இருக்கிற" வேலைதானே.

மூன்றாவது, விண்ணப்பித்துவிட்டு உடனே கேட்பது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கேள்வியை மாற்ற வேண்டும். சென்னையில் ஐந்து வருட அனுபவமுள்ள ஒரு ஆட்டோமேஷன் டெஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். செய்தி ஆங்கிலத்தில்தான் போகும், விஷயம் இவ்வளவுதான்:

"வணக்கம். உங்கள் கேரியர்ஸ் பக்கத்தில் உள்ள ஆட்டோமேஷன் டெஸ்டர் வேலைக்கு (JR-10482) இன்று விண்ணப்பித்திருக்கிறேன். ஐந்து வருட அனுபவம், செலினியம், ஜாவா, நோட்டீஸ் 60 நாள். விளம்பரம் மார்ச் மாதத்தது என்று தெரிகிறது. இதற்குப் புதிய ப்ரொஃபைல்களைப் பார்க்கிறீர்களா, அல்லது கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டதா?"

அந்த வேலை எண்தான் இதில் முக்கியம். ரெக்ரூட்டர் அதை அப்படியே தன் சிஸ்டத்தில் ஒட்டினால் அந்த வேலை எதிரே வந்து நிற்கும், உங்கள் விண்ணப்பத்தை அதிலேயே தேடி எடுத்துவிடலாம். வொர்க்டே பக்கங்களில் இந்த எண் பெரும்பாலும் இணைய முகவரியின் கடைசியில் இருக்கும். நோட்டீஸ் காலத்தை முன்பே சொல்லிவிடுவதால் அவர் அடுத்துக் கேட்கப் போகும் கேள்வியும் மிச்சம். முக்கியமாக, "இருக்கிறதா" என்று கேட்காமல் "புதிய ப்ரொஃபைல் பார்க்கிறீர்களா" என்று கேட்பதால் ஒற்றைச் சொல்லில் நழுவ முடியாது.

"ஒருவருக்கு ஆஃபர் போயிருக்கிறது" என்று பதில் வந்தால் அதைக் கதவடைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "எந்த மாதம் திரும்ப விசாரிக்கட்டும்?" என்று ஒரு வரி கேளுங்கள். ஜாயினிங் தேதியை நேரடியாகச் சொல்லாவிட்டாலும், அவர் சொல்லும் மாதத்திலேயே அது இருக்கும். அந்தத் தேதிக்கு முந்தைய வாரம்தான் ஆஃபர் கைநழுவும் வாரம். "ஹோல்டில் இருக்கிறது" என்றால் பட்ஜெட் விவகாரம், அது ரெக்ரூட்டர் கையில் இல்லை, அடுத்த காலாண்டு வரை விட்டுவிடலாம். விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் "சிவி, சிடிசி, நோட்டீஸ் அனுப்புங்கள்" என்று வந்தால் அது எல்லோருக்கும் போகும் வார்ப்புப் பதில். அந்த எண்ணுக்குத்தானா, பொதுவாகவா என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

போனில் கேட்பது? நௌக்ரி வழியாக அவர்களே நம்பர் கொடுத்திருந்தால் தாராளமாக. எங்கேயோ தேடி எடுத்த நம்பருக்கு அழைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இத்தனைக்கும் மேலே ஒரு வழி இருக்கிறது: உள்ளே வேலை பார்க்கும் தெரிந்தவர். "அண்ணா, இந்த ஜாப் நம்பர் உள்ளே ஆக்டிவா இருக்கா, எத்தனை பொசிஷன்னு பாத்துச் சொல்றீங்களா?" என்று ஒரு வாட்ஸ்அப் போதும். ஒரே எண்ணின் கீழ் இரண்டு மூன்று இடங்கள் இருக்கலாம். ஒன்று நிரம்பி மற்றது காலியாக இருப்பதால்தான் விளம்பரம் பழசாகத் தொங்கலாம். வெளியே தெரியாத இந்த விவரத்தை அவர் ஹயரிங் மேனேஜரிடமே கேட்டுவிட முடியும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நீங்கள் முன்பே நேரடியாக விண்ணப்பித்திருந்தால், பல நிறுவனங்களில் அவருடைய ரெஃபரலைச் சிஸ்டம் ஏற்காது, அவருக்கு வரவேண்டிய போனஸும் போய்விடும். ஆகவே முதலில் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தேடுங்கள். இல்லை என்று உறுதியானபின் மூன்றாவது வழிக்கு வாருங்கள்.

விளம்பரம் போட்டது நிறுவனம் இல்லாமல் கன்சல்டன்சியாக இருந்தால் மட்டும் வரிசையை மாற்றி, ரெஸ்யூமே கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு, எனவே எந்தப் பழைய வேலைக்கும் "ஓப்பன்தான், சிவி அனுப்புங்க" என்பார்கள். அவர்கள் உங்கள் பெயரை நிறுவனத்தின் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டால், ஒப்பந்தத்தைப் பொறுத்துச் சில மாதங்களுக்கு நீங்கள் "அவர்களுடைய" ஆள். அதற்குள் நண்பர் ரெஃபர் செய்தால் டூப்ளிகேட் என்று தள்ளிவிடும். கிளையன்ட் யார், வேலை எண் என்ன, கடைசியாக எப்போது ப்ரொஃபைல் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். கிளையன்ட் பெயரைச் சொல்லத் தயங்குவதுகூடப் பரவாயில்லை, தொழில் ரகசியம். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். அனுப்பினாலும், "என்னைக் கேட்காமல் எந்த கிளையன்டுக்கும் சமர்ப்பிக்க வேண்டாம்" என்ற வரியை மெயிலிலேயே எழுதி வையுங்கள்.