கூட்டம் முடிந்ததும் போடும் நன்றி: வாட்ஸ்அப்பா, மெயிலா?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். மழைநீர் சேகரிப்புக் குழியில் மண் அடைத்துத் தண்ணீர் இறங்கவில்லை. அக்டோபரில் மழை வந்துவிடுமே என்று செப்டம்பர் 20, சனிக்கிழமை மாலை காண்ட்ராக்டரை வரவழைத்துப் பேசினோம். அன்று இரவே செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டார்:

"வந்த எல்லாருக்கும் நன்றி. அடுத்த ஞாயிறு காலை சந்திப்போம். கொட்டேஷன் வாங்கி, பணம் வசூலித்து, வேலையை ஆரம்பித்துவிடலாம்."

மறுநாள் காலையே ஆறு பேர் மொட்டை மாடியில் நின்றார்கள். செயலாளர் மனதில் இருந்ததோ 28-ஆம் தேதி.

உடனே குறிப்பைத் திருத்தப் பார்த்தார். சிக்கலே அங்கேதான். வாட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிடம் வரைதான் திருத்த முடியும். அதற்குள் திருத்தினாலும் புது அறிவிப்பு வராது. முதலில் படித்துவிட்டு ஃபோனை வைத்தவருக்குப் பழைய தேதிதான். செயலாளரோ விடிந்துதான் திருத்தப் பார்த்தார், வழியே இல்லை. மெயிலில் அனுப்பியதை மாற்றவே முடியாது, திருத்தம் இன்னொரு மெயிலாகத்தான் போகும். தொல்லைதான், ஆனால் தேதி மாறியது எல்லார் கண்ணிலும் படும்.

இன்னொரு ஓட்டை, "வாங்கி, வசூலித்து" என்பதில் ஆளே இல்லை. பொருளாளர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். ஞாயிறு மதியம் நான் மெயிலில் எழுதியது இது:

"நேற்று வந்து பேசியதற்கு நன்றி. அடுத்த கூட்டம் செப்டம்பர் 28, ஞாயிறு, காலை 10 மணி, மொட்டை மாடி. குழி தூர்வாரவும் கூழாங்கல் மாற்றவும் தனித்தனி விலை போட்டு காண்ட்ராக்டர் 24-ஆம் தேதிக்குள் அனுப்புவார். அதைப் பார்த்து வீட்டுக்கு எவ்வளவு என்று பொருளாளர் 26-ஆம் தேதி சொல்வார். தூர்வாரும் அன்று கார்களை நகர்த்தச் சொல்லும் பொறுப்பு பி-2 சாருடையது. தவறிருந்தால் நாளை இரவுக்குள் சொல்லுங்கள்."

தேதியோடு கிழமையையும் எழுதுவது அலங்காரத்துக்கு இல்லை. இரண்டில் ஒன்று தவறினால் பொருந்தாமல் நின்று, படிப்பவரே கேட்டுவிடுவார். அப்புறம், பி-2 சார் கூட்டத்துக்கு வரவில்லை. ஃபோனில் அவர் சம்மதம் வாங்கிய பிறகே பெயரைச் சேர்த்தேன். இல்லாவிட்டால் நன்றிக் குறிப்பு சண்டைக் கடிதமாகியிருக்கும்.

சரி, வாட்ஸ்அப்பைத் தள்ளிவிடலாமா? முடியாது. எங்கள் வீடுகளில் பாதிப் பேர் மெயிலைத் திறப்பதே மின்கட்டண ரசீதுக்குத்தான். வாட்ஸ்அப்பில் யார் படித்தார்கள் என்று ஓரளவு தெரியும், 7 நாளோ 30 நாளோ மேலே பின் செய்தும் வைக்கலாம். ஆனால் விலை, பொறுப்பு, கெடு எல்லாம் இருக்கும்போது, காண்ட்ராக்டருக்கும் போக வேண்டிய குறிப்புக்கு என் ஓட்டு மெயிலுக்கே. நம் குழுவில் அவர் இல்லையே. தேதி வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் பின் செய்தேன். 28-ஆம் தேதி பத்து மணிக்கு மாடியில் பதினேழு பேர் இருந்தார்கள், கொட்டேஷனும் வந்திருந்தது.