தவறான விவரமும் சர்ச்சைக்குரிய விவரமும்: நீதிமன்றம் எதில் தலையிடும்?

"அதிகாரி விவரத்தையே தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்" என்பது, பாதகமான உத்தரவு கையில் கிடைத்த எல்லோரும் சொல்லும் வாதம். ஆனால் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இந்த வாதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றன. முக்கியமான ஒரு விவரத்தில் நேர்ந்த தவறு என்றால் உத்தரவு ரத்தாகலாம். அந்த விவரமே சர்ச்சையில் இருக்கிறது என்றால், அதைத் தீர்மானிப்பது அதிகாரியின் வேலை என்று சொல்லி நீதிபதி ஒதுங்கிக்கொள்வார். எது எந்தப் பக்கம் விழும் என்பதை இரண்டு வழக்குகளை அருகருகே வைத்தால் தெளிவாகப் பார்க்கலாம்.

முதல் வழக்கை 1999-இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்தது. வீட்டில் திருட வந்தவர்கள் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள் என்று ஒரு பெண், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு வாரியத்தில் மனு செய்தார். வாரியம் அவரை நம்பவில்லை. காவல்துறை மருத்துவர் ஐந்தாம் நாளில் அவரைப் பரிசோதித்து, கண்டவை அவர் சொல்வதோடு ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தார். அந்த அறிக்கை விசாரணைக்கு வரவே இல்லை. மருத்துவச் சான்று அவர் கூற்றுக்குத் துணை நிற்கவில்லை என்ற எண்ணமே காவல்துறை சாட்சியத்திலிருந்து வாரியத்துக்கு ஏற்பட்டது. உத்தரவு ரத்தானது. தீர்ப்பெழுதிய ஸ்லின் பிரபு இயற்கை நீதி மீறல் என்ற அடிப்படையையே தேர்ந்துகொண்டார் என்றாலும், முக்கிய விவரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதையும் ரத்துக்கு ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்று அவர் கருதினார்.

இரண்டாவது வழக்கு நமக்கு நெருக்கமானது. பெயர் மறைத்து கேவி என்று குறிப்பிடப்படும் இலங்கைத் தமிழர் ஒருவர் 2011-இல் பிரிட்டனில் தஞ்சம் கேட்டார். புலிகளின் தங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அரசப் படையினர் சூடேற்றிய உலோகக் கம்பிகளால் சுட்டதாகச் சொன்னார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. அதை யாரும் மறுக்கவில்லை. கையில் இருந்த தழும்புகளின் ஓரம் மங்கலாக இருந்தது, முதுகில் இருந்தவை கூர்மையாக இருந்தன. கையைச் சுட்டபோது நினைவிருந்ததால் அசைந்தார், முதுகைச் சுட்டபோது மயங்கிக் கிடந்தார் என்ற விளக்கத்தோடு இது பொருந்துகிறது என்றார் மருத்துவர். தஞ்சம் பெறுவதற்காகத் தானே சம்மதித்து வேறொருவரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றது தஞ்ச மேல்முறையீட்டை விசாரித்த தீர்ப்பாயம்.

மனித வேதனை இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் வழக்கில் மருத்துவர் என்ன எழுதினார் என்பதைக் காட்ட அந்தத் தாளை மேசைமேல் வைத்தால் போதும். யாரையும் குறுக்கு விசாரணை செய்யத் தேவையில்லை. கேவி வழக்கில் தழும்பு எப்படி வந்தது என்பதைச் சொல்ல ஆளை நம்ப வேண்டும், நிபுணரை எடைபோட வேண்டும், இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி எடைபோட வேண்டியிருந்தாலே அது சர்ச்சைக்குரிய விவரமாகிவிடும். விவரம் எவ்வளவு முக்கியமானது என்பது இந்தக் கோட்டைத் தீர்மானிப்பதில்லை.

இந்தப் பிரிவுக்கு முறையான வடிவம் 2004-இல், உள்துறை அமைச்சருக்கு எதிரான 'ஈ' வழக்கில் வந்தது. எகிப்தியர் ஒருவரும் ஆப்கானியர் ஒருவரும் மனுதாரர்கள். விசாரணை முடிந்து தீர்ப்பு வெளியாவதற்கு இடைப்பட்ட காலத்தில் அவரவர் நாட்டு நிலவரம் குறித்துப் புதிய அறிக்கைகள் வந்திருந்தன. தீர்ப்பாயம் அவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கார்ன்வத் நீதிபதி நான்கு நிபந்தனைகளை வகுத்தார். நடப்பில் இருக்கும் ஒரு விவரத்தில் தவறு நேர்ந்திருக்க வேண்டும். ஒரு சான்று இருக்கிறதா என்பதில் நேர்ந்த தவறும் இதில் அடங்கும். சரியான விவரம் சர்ச்சையற்றதாக, புறத்தே சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். தவறுக்கு மனுதாரரோ அவருடைய வழக்கறிஞரோ காரணமாக இருக்கக்கூடாது. முடிவுக்கான காரணங்களில் அந்தத் தவறுக்குக் கணிசமான பங்கு இருக்க வேண்டும். அது மட்டுமே முடிவைத் தீர்மானித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது இரண்டாம் நிபந்தனையில்தான். ஒரு கற்பனை உத்தரவை எடுத்துக்கொள்வோம். "மனுதாரர் மருத்துவ அறிக்கை எதையும் தாக்கல் செய்யவில்லை" என்று அதிகாரி எழுதுகிறார். அறிக்கை வந்து சேர்ந்ததற்கான அலுவலக முத்திரையும் தேதியும் உங்களிடம் இருந்தால், அது தவறான விவரம். அடுத்த பத்தியில், "அறிக்கையைக் கண்டேன், மருத்துவர் மனுதாரர் சொன்னதையே அதிகமாக நம்பியிருக்கிறார்" என்று எழுதியிருந்தால் அது மதிப்பீடு. அதை எதிர்த்து வேறொரு மருத்துவரிடம் புதிய அறிக்கை வாங்கி வைப்பதால் விவரம் சர்ச்சையற்றதாகிவிடாது. சர்ச்சை இன்னும் வலுவாகத்தான் தெரியும். இங்கே பல நல்ல வழக்குகள் வீணாவதைக் காண வருத்தமாக இருக்கிறது. முத்திரையிட்ட அந்த ஒரு தாளை முன்னே வைக்க வேண்டிய மனுவில், எல்லாக் குறைகளையும் "விவரத் தவறு" என்ற ஒரே தலைப்பில் கொட்டிவிடுகிறார்கள். நீதிபதியின் கண்ணுக்கு எல்லாமே மறுவாதமாகத் தெரிகிறது.

அதற்காக, சர்ச்சைக்குரிய விவரத்தில் தோற்றவருக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். வழி வேறு, அவ்வளவுதான். கேவி 2019-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். சித்திரவதை நடந்தது என்று நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. தழும்பு எப்படி வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன கருத்தை அவருடைய எல்லைக்கு அப்பாற்பட்டதென ஒதுக்கியது பிழை என்றது. தானே சுடவைத்துக்கொண்டிருப்பார் என்ற ஊகம் இயல்பாகவே எவ்வளவு அரிதானது என்பதையும் சுட்டிக்காட்டி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. அதாவது, முடிவை விட்டுவிட்டு முடிவுக்கு வந்த முறையைத் தாக்கியதால் கிடைத்த வெற்றி.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. அதிகாரமே ஒரு விவரத்தின்மேல் நிற்கும்போது, அது எவ்வளவு சர்ச்சைக்குரியதாக இருந்தாலும் நீதிமன்றம் தானே விசாரித்து முடிவு செய்யும். 2009-இல் கிராய்டன் நகராட்சிக்கு எதிரான வழக்கில், தஞ்சம் கேட்டு வந்தவர் 18 வயதுக்கு உட்பட்டவரா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் இந்த வகையில் சேர்த்தது. வயது என்பதற்குச் சரி அல்லது தவறு என்ற ஒரே விடைதான் உண்டு, அதை நகராட்சியின் நியாயமான கருத்துக்கு விட முடியாது என்பது அதன் காரணம்.

இந்தியாவில் கோடு இன்னும் கடுமையானது. சென்னை - சிதம்பரம் தடத்தில் பஸ் பர்மிட் யாருக்கு என்ற சையத் யாகூப் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1963-இல் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. விவரப் பிழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்காக, கீழ் மன்றத்தின் உத்தரவை வரவழைத்து ரத்து செய்யும் ஆவணக் கேட்பு ஆணை வழங்க முடியாது என்றது. ஆனால் சான்றே இல்லாமல் எட்டிய முடிவையும், ஏற்கத்தக்க சான்றை ஏற்க மறுத்து எட்டிய முடிவையும் சட்டப் பிழையாகக் கருதித் திருத்தலாம் என்ற கதவைத் திறந்தே வைத்தது. ஆகவே இங்கிலாந்தில் "விவரத் தவறு" என்று எழுதும் மனுவை இங்கே "சான்றற்ற முடிவு" என்றோ "ஏற்கத்தக்க சான்று ஒதுக்கப்பட்டது" என்றோ எழுத வேண்டியிருக்கும். அந்த முத்திரையிட்ட தாள் இரண்டு நாட்டிலும் மனுவின் முதல் இணைப்பாக இருக்கட்டும்.